கூட்டல் சரி, வரிசை பிழை: புள்ளிப் பட்டியலை அறிகுறி பார்த்துத் திருத்துவது

உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியின் புள்ளிப் பட்டியலை எக்செலிலோ கூகுள் ஷீட்ஸிலோ போடுகிறவர்களுக்கானது இது. வெற்றிக்கு 3, சமநிலைக்கு 1, தோல்விக்கு 0 என்பது எல்லாருக்கும் தெரியும். கூட்டிக் கழிப்பதும் பெரிய வேலையில்லை. ஆனால் கடைசிப் போட்டி முடிந்து, பட்டியல் வட்ஸ்அப்பில் போன கையோடு, "எங்கட டீம் எப்படி மூன்றாவது?" என்று ஒரு கப்டன் அழைப்பார். அந்தக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் கூட்டலில் இருக்காது. பெயரிலோ, வெறுங்கட்டத்திலோ, சமப்புள்ளி வந்தால் எதை முதலில் பார்ப்பது என்ற விதியிலோதான் இருக்கும்.

உதாரணத்துக்கு ஹட்டன் பக்கத்து ஐந்து ஊர்களின் பெயரில் ஒரு கற்பனை லீக் எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் அணியும் மற்ற நான்குடனும் ஒருமுறை மோதுகிறது. ஆக மொத்தம் 10 போட்டிகள்.

```
நோர்வூட்        2  0  மஸ்கெலியா
மஸ்கெலியா      2  1  பொகவந்தலாவை
பொகவந்தலாவை   3  0  நோர்வூட்
நோர்வூட்        1  0  கொட்டகலை
மஸ்கெலியா      4  0  கொட்டகலை
பொகவந்தலாவை   1  1  கொட்டகலை
நோர்வூட்        1  1  டிக்கோயா
மஸ்கெலியா      0  0  டிக்கோயா
பொகவந்தலாவை   1  0  டிக்கோயா
கொட்டகலை       2  1  டிக்கோயா
```

இதை `Results` என்ற ஷீட்டில் இப்படி வைக்கிறோம்: A நிரலில் திகதி, B முதல் அணி, C அதன் கோல், D மற்ற அணியின் கோல், E மற்ற அணி. F-இல் போட்டி முடிந்ததா என்ற குறி. G, H இரண்டிலும் அந்தப் போட்டியில் இரு அணிகளும் எடுத்த புள்ளி. `Table` என்ற இன்னொரு ஷீட்டில் A அணி, B ஆடியது, C வெற்றி, D சமநிலை, E தோல்வி, F அடித்த கோல், G வாங்கிய கோல், H கோல் வித்தியாசம், I புள்ளி. கீழே வரும் சூத்திரங்கள் எல்லாம் இந்த அமைப்பை வைத்தே எழுதப்பட்டவை.

எங்கே பிழை என்றே தெரியவில்லை

அப்படியென்றால் முதலில் மூன்று கூட்டுத்தொகைகளைப் பாருங்கள். எல்லா அணிகளின் வெற்றிகளையும் கூட்டினால் வருவதும் தோல்விகளைக் கூட்டினால் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும். கோல் வித்தியாச நிரலைக் கூட்டினால் 0 வர வேண்டும். ஓர் அணி அடித்ததுதானே இன்னொன்று வாங்கியது. மொத்தப் புள்ளி, முடிவு கண்ட போட்டிகளின் எண்ணிக்கையை மூன்றால் பெருக்கி, சமநிலைப் போட்டிகளை இரண்டால் பெருக்கிக் கூட்டியதற்குச் சமமாக இருக்க வேண்டும்.

நம் லீக்கில் 7 போட்டிகளில் முடிவு வந்தது, 3 சமநிலை. 21-உம் 6-உம் 27. பட்டியலில் நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை மூன்றும் 7, கொட்டகலை 4, டிக்கோயா 2. அதுவும் 27. அடித்த கோல் மொத்தம் 21, வாங்கியதும் 21.

இவை ஒத்துப் போகாவிட்டால் பிழை `Results` பக்கம் இருக்கிறது: பெயர் அல்லது எண்ணாக இல்லாத எண். ஒத்துப் போய், 'ஆடியது' நிரலும் ஸ்கோர் தாளுடன் பொருந்தியும் வரிசை தப்பாக இருந்தால் `Results`-ஐக் கிளறிப் பயனில்லை, வரிசைப்படுத்தும் இடத்துக்கு நேராகப் போங்கள். இந்த ஒரு சோதனை பாதி நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஓர் அணிக்கு மட்டும் போட்டி குறைகிறது

பொகவந்தலாவை நான்கு போட்டி ஆடியிருக்க, பட்டியல் மூன்று என்கிறது. வெற்றி மொத்தமும் தோல்வி மொத்தமும் ஒட்டவில்லை. பெயர் எங்கோ வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கிறது.

கண்ணுக்குத் தெரியும் வகை எளிது. ஒருவர் பொகவந்தலாவை என்பார், இன்னொருவர் பொகவந்தலாவ என்பார். நோர்வூட், நோர்வுட், கொட்டகலை, கொட்டகல. மலையகத்தில் ஓர் ஊருக்கு இரண்டு எழுத்துக்கூட்டல் இருப்பது புதிதில்லை, பஸ் போர்டில் ஒன்றும் தபாற்கந்தோரில் இன்னொன்றுமாகப் பார்த்தே வளர்ந்திருக்கிறோம். ஷீட்டுக்கு அவை இரண்டும் வேறு ஊர்கள்.

கண்ணுக்குத் தெரியாத வகைதான் தொல்லை. பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வருவது ஒன்று. மற்றது தமிழ் எழுத்தில் வருவது: 'பொ' என்பதை ப-வுக்குப் பின் ஒற்றைக் குறியாக 'ொ' போட்டும் எழுதலாம், 'ெ', 'ா' என்று இரண்டு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் சில கருவிகள் பிரித்த வடிவத்தைத் தருகின்றன. எல்லாச் செயலிகளும் இந்த இரண்டையும் ஒரே சொல்லாக எடுத்துக்கொள்வதில்லை.

கண்டுபிடிக்க, பக்கத்துக் கட்டத்தில் நீளத்தைக் கேளுங்கள்:

```
=LEN(B4)
=LEN(TRIM(B4))
```

பொகவந்தலாவை என்பதற்கு 11 வர வேண்டும். முதலாவது 12 தந்து இரண்டாவது 11 தந்தால் அது இடைவெளி. இரண்டுமே 12 என்றால் பெரும்பாலும் உடைந்த 'ொ'. கொட்டகலைக்கு சரியான நீளம் 8.

பாமினியில் அடித்த கடிதத்திலிருந்து பெயரை வெட்டி ஒட்டினால் இன்னொரு கூத்து. அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் மஸ்கெலியா என்றே தெரியும். கைத்தொலைபேசியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியும் கலந்த குப்பையாக வரும். உள்ளே இருப்பது உண்மையில் அந்தக் குப்பைதான்.

ஒவ்வொரு பெயராகத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். `Table` ஷீட்டின் A நிரலில் இருக்கும் ஐந்து பெயர்களே மூலம் என்று வைத்து, `Results`-இன் B, E நிரல்களுக்கு `Data validation` மூலம் அந்தப் பட்டியலைக் கீழிறங்கு பட்டியலாகக் கொடுங்கள். பிறகு யார் பதிந்தாலும் தெரிவு செய்வார்கள், அடிக்க மாட்டார்கள்.

இன்னும் ஆடாத அணிக்குப் புள்ளி வந்துவிட்டது

அட்டவணையை முழுதாக எழுதி, கோல் கட்டங்களை வெறுமையாக விட்டவுடன் எல்லா அணிக்கும் 4 சமநிலை, 4 புள்ளி என்று வந்தால் காரணம் இதுதான்: ஷீட்டைப் பொறுத்தவரை வெறுங்கட்டமும் வெறுங்கட்டமும் சமம். C2=D2 என்று கேட்டால் ஆம் என்கிறது. ஆகவே 0-0.

லீக் நடுவில் இது இன்னும் மறைவாக நடக்கும். மழையால் தள்ளிப்போன ஒரே ஒரு போட்டி இரண்டு அணிகளுக்கும் ஒவ்வொரு புள்ளியைக் கொடுத்துவிட்டுச் சத்தமில்லாமல் இருக்கும். பனி இறங்கி எதிர்க் கோல் கம்பமே தெரியாமல் பாதியில் நிறுத்திய போட்டியும் அப்படித்தான். மேலே சொன்ன மூன்று கூட்டுத்தொகைகளும் இதைக் காட்டிக் கொடுக்காது, ஏனென்றால் பொய்ச் சமநிலையும் கணக்கில் ஒழுங்காகவே உட்காரும். 'ஆடியது' நிரலைக் கையிலுள்ள ஸ்கோர் தாளுடன் ஒப்பிட்டால்தான் பிடிபடும்.

F நிரலில் இந்தக் காவலைப் போடுங்கள். இரண்டு கட்டத்திலும் எண் இருந்தால்தான் போட்டி முடிந்ததாகக் கொள்ளும்:

```
=IF(COUNT(C2:D2)=2,1,0)
```

G-யில் முதல் அணியின் புள்ளி. H-க்கு இதிலேயே C-யையும் D-யையும் இடம் மாற்றிக்கொள்ளுங்கள்:

```
=IF(F2=1,IF(C2>D2,3,IF(C2=D2,1,0)),"")
```

பிறகு `Table`-இல் புள்ளி:

```
=SUMIFS(Results!G:G,Results!B:B,A2)
 +SUMIFS(Results!H:H,Results!E:E,A2)
```

அடித்த கோலும் இதே அச்சில்தான். ஆனால் கூட்டும் நிரல் C-யும் D-யும், கூடவே `Results!F:F,1` என்ற நிபந்தனையும் வேண்டும். முழு நிரலையும் கொடுப்பதால், பின்னால் சேர்க்கும் போட்டி எல்லைக்கு வெளியே விழுந்துவிடும் என்ற பயமும் இல்லை.

இந்தக் காவலுக்கு ஒரு பக்க விளைவு உண்டு. யாராவது சைபருக்குப் பதில் ஆங்கில எழுத்து O-வை அடித்திருந்தால் அது எண்ணில்லை, ஆகவே அந்தப் போட்டி கணக்கில் வராது. முடிந்த போட்டிக்கு F-இல் 0 காட்டினால் அதைத்தான் முதலில் சந்தேகியுங்கள்.

2-1 என்று அடித்தால் திகதி ஆகிறது

ஸ்கோரை ஒரே கட்டத்தில் 3-2 என்று அடித்தால் ஷீட் அதைப் பெப்ரவரி 3 என்றோ மார்ச் 2 என்றோ எடுத்துக்கொள்ளும். கட்டத்தின் வடிவத்தை எண்ணாக மாற்றிப் பார்த்தால் 40,000-ஐத் தாண்டிய ஓர் எண் நிற்கும். அந்த எண்ணிலிருந்து ஸ்கோரை மீட்கப் போராடாதீர்கள். நாள் முதலா மாதம் முதலா என்பது கணினிக்குக் கணினி மாறும், 3-2 எது 2-3 எது என்று நம்பிச் சொல்ல முடியாது. ஸ்கோர் தாளைப் பார்த்து மறுபடி அடியுங்கள், இரண்டு தனிக் கட்டங்களில்.

+10-க்கு மேலே +9 நிற்கிறது

கோல் வித்தியாசத்துக்கு முன்னால் கூட்டல் குறி வேண்டுமென்று `"+"&(F2-G2)` என்று ஒட்டினால் அது எழுத்தாகிவிடும். எழுத்தை வரிசைப்படுத்தினால் 9-க்குப் பின்னால்தான் 10. கட்டத்தில் `=F2-G2` மட்டும் இருக்கட்டும். கூட்டல் குறியை வடிவமைப்பில் கொடுங்கள்: `+0;-0;0`.

கோல் வித்தியாசம் குறைந்த அணி மேலே வந்துவிட்டது

பல பேர் புள்ளி, கோல் வித்தியாசம், அடித்த கோல் மூன்றையும் ஒரே எண்ணாகத் திரட்டி வரிசைப்படுத்துகிறார்கள். யோசனை நல்லதுதான், பெருக்கும் எண் சிறியதாக இருந்தால் கவிழ்ந்துவிடும். புள்ளியை 1000-ஆலும் வித்தியாசத்தை 10-ஆலும் பெருக்குவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு அணிகள் 15 புள்ளியில் நிற்கின்றன. ஒன்று +6, அடித்தது 9: 15069. மற்றது +5, அடித்தது 21: 15071. வித்தியாசம் குறைந்த அணி மேலே போய்விட்டது, ஏனென்றால் 9-ஐத் தாண்டிய கோல்கள் பக்கத்து இடத்துக்கு வழிந்துவிட்டன.

சீசன் ஆரம்பத்தில் இது வராது. கோல்கள் இரட்டை இலக்கத்தைத் தொடும்போதுதான் வரும், அதனால்தான் "போன வாரம் வரைக்கும் சரியாக இருந்ததே" என்று தோன்றுகிறது. புள்ளியை 1000000-ஆலும் வித்தியாசத்தை 1000-ஆலும் பெருக்கினால் நம் அளவு லீக்குக்குப் போதும். என்னைக் கேட்டால் திரட்டுவதையே விட்டுவிட்டு, இப்படி நிலையை நேராக எண்ணிவிடுவது மேல்:

```
=1+COUNTIFS(I$2:I$6,">"&I2)
 +COUNTIFS(I$2:I$6,I2,H$2:H$6,">"&H2)
 +COUNTIFS(I$2:I$6,I2,H$2:H$6,H2,F$2:F$6,">"&F2)
```

என்னைவிடப் புள்ளி அதிகமானவர் எத்தனை பேர், புள்ளி சமமாகி வித்தியாசம் அதிகமானவர் எத்தனை பேர், அதுவும் சமமாகி அதிகம் அடித்தவர் எத்தனை பேர். அதோடு ஒன்று. பழைய எக்செலிலும் வேலை செய்யும், வாசித்தால் விதியே தெரியும்.

இரண்டாம் இடத்தில் #N/A

நம் பத்துப் போட்டிகளை இட்டு மேலே உள்ள சூத்திரத்தை ஓட்டினால் வருவது:

```
அணி             அடி  வாங்  வித்   புள்ளி  நிலை
மஸ்கெலியா       6    3    +3    7      1
பொகவந்தலாவை    6    3    +3    7      1
நோர்வூட்         4    4     0    7      3
கொட்டகலை        3    7    -4    4      4
டிக்கோயா         2    4    -2    2      5
```

இரண்டு பேர் முதலாம் இடம், இரண்டாம் இடத்தில் யாருமில்லை. நிலை எண்ணைத் தேடிப் பெயர் எடுக்கும் இன்னொரு ஷீட் இருந்தால் அங்கே 2-க்கு நேரே `#N/A` வரும், ஓர் அணியே காணாமல் போகும்.

இதற்கு இணையத்தில் கிடைக்கும் வைத்தியம், நிலையோடு `ROW()/10000` மாதிரி ஒரு சிறு எண்ணைக் கூட்டுவது. பிழைச் செய்தி மறைந்துவிடும். ஆனால் யார் சம்பியன் என்பதை இப்போது தீர்மானிப்பது, பெயர்ப் பட்டியலில் எந்த ஊரை முதலில் அடித்தீர்கள் என்பது. இப்படிச் செய்யவே வேண்டாம். ஒரே நிலை இரண்டு தரம் வருவது பிழையில்லை, எழுதிக் கொடுத்த விதிகள் தீர்ந்துவிட்டன என்ற அறிவிப்பு. அடுத்த விதியைக் கேட்கச் சொல்கிறது.

தங்களை வென்ற அணிக்கு மேலே நிற்கிறார்கள்

இங்கேதான் சண்டை வரும், ஆகவே நிதானமாகப் பார்ப்போம். அடுத்த விதி பெரும்பாலும் நேருக்கு நேர் முடிவு. அதை எந்தக் கட்டத்தில் கேட்கிறோம் என்பதில் இரண்டு மரபுகள் இருக்கின்றன.

ஒன்று, புள்ளிக்குப் பிறகு மொத்தக் கோல் வித்தியாசம், அடித்த கோல், அதன் பிறகே நேருக்கு நேர். 2018, 2022 உலகக் கிண்ணக் குழுச் சுற்றுகளில் இதுதான். மற்றது, புள்ளிக்கு அடுத்து நேராக நேருக்கு நேர், மொத்த வித்தியாசம் பின்னால். ஐரோப்பிய நாடுகளின் கிண்ணமும் ஆசியக் கிண்ணமும் இந்த வழி. தொலைக்காட்சியில் இரண்டையும் பார்த்து வளர்ந்தவர்கள் மைதானத்தில் ஆளுக்கொரு விதியை மனதில் வைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள்.

முதல் மரபைப் போடுவோம். மூன்று அணிகள் 7 புள்ளி. வித்தியாசத்தில் நோர்வூட் 0, அது கழன்று மூன்றாவதாகிறது. மஸ்கெலியாவும் பொகவந்தலாவையும் +3, 6 கோல். இப்போது நேருக்கு நேர், *இந்த இரண்டு பேருக்கு மட்டும்*. மஸ்கெலியா 2-1 என்று வென்றிருக்கிறது. ஆகவே மஸ்கெலியா, பொகவந்தலாவை, நோர்வூட்.

பொறி இருக்கும் இடம் இதுதான். சிலர் நேருக்கு நேர் புள்ளிக்கு ஒரு நிரல் போட்டு, புள்ளி சமமான எல்லாரையும் அதில் சேர்த்துவிடுகிறார்கள். நோர்வூட்டும் உள்ளே வந்துவிடுகிறது. மூவரும் ஒருவரையொருவர் சுற்றிச் சுற்றி வென்றவர்கள், மூவருக்கும் 3 புள்ளி. அவர்களுக்குள் கோல் வித்தியாசம் பார்த்தால் பொகவந்தலாவை +2, மஸ்கெலியா -1. பொகவந்தலாவை சம்பியன் ஆகிவிடும். ஏற்கெனவே பிரிந்துபோன அணியோடு ஆடிய 3-0 வெற்றி இங்கே தீர்ப்பைத் திருப்பிவிட்டது. விதிப்படி அந்தப் போட்டி கணக்கிலேயே வரக் கூடாது. ஒரு விதியைக் கேட்கும்போது, அதற்கு முந்திய விதிகள் எல்லாவற்றிலும் இன்னும் சமமாக இருப்பவர்களை மட்டுமே உள்ளே விடுங்கள்.

இரண்டாவது மரபில் மூவரும் ஒன்றாக உள்ளே போகிறார்கள். அவர்களுக்குள் நடந்த மூன்று போட்டிகளை மட்டும் வைத்து ஒரு குறும்பட்டியல்:

```
அணி             அடி  வாங்  வித்   புள்ளி
பொகவந்தலாவை    4    2    +2    3
நோர்வூட்         2    3    -1    3
மஸ்கெலியா       2    3    -1    3
```

பொகவந்தலாவை முதலாவது, அதில் கேள்வியில்லை. நோர்வூட்டும் மஸ்கெலியாவும் குறும்பட்டியலில் எல்லாவற்றிலும் சமம். இனி இரண்டு வழி. ஐரோப்பிய விதி, மிச்சமிருக்கும் இருவருக்கு மட்டும் குறும்பட்டியலை மறுபடி போடச் சொல்கிறது. அப்படியென்றால் ஒரே போட்டி, நோர்வூட் 2-0. நோர்வூட் இரண்டாவது, மஸ்கெலியா மூன்றாவது. மறுபடி போடாமல் நேரே மொத்த வித்தியாசத்துக்குப் போனால் மஸ்கெலியா +3, நோர்வூட் 0. இடம் மாறிவிடும்.

ஒரு கோல்கூட மாறாமல், அதே பத்து முடிவுகளில் மஸ்கெலியா சம்பியனாகவும் வரலாம், இரண்டாவதாகவும் வரலாம், மூன்றாவதாகவும் வரலாம். சூத்திரம் எழுதுகிறவர் இதைத் தீர்மானிக்கக் கூடாது. முதல் போட்டிக்கு முன்னர் விதித் தாளில் இரண்டு வசனங்கள் இருக்க வேண்டும்: நேருக்கு நேர் எத்தனையாவது, சிலர் பிரிந்த பிறகு மிச்சமானவர்களுக்கு மறுபடி முதலிலிருந்தா இல்லையா. 'நேருக்கு நேர் பார்க்கப்படும்' என்று மொட்டையாக எழுதியிருந்தால் அது விதியாகாது.

ஷீட்டில் செய்வதற்கு, `Mini` என்று ஒரு ஷீட் திறந்து அதன் A நிரலில் சமமாக நிற்கும் அணிகளை மட்டும் எழுதுங்கள். `Results`-இன் I நிரலில் இது:

```
=IF(AND(F2=1,
 COUNTIF(Mini!$A$2:$A$6,B2)>0,
 COUNTIF(Mini!$A$2:$A$6,E2)>0),1,0)
```

இரண்டு அணியும் அந்தப் பட்டியலில் இருந்தால்தான் 1. `Mini`-யில் `Table`-இன் சூத்திரங்களையே ஒட்டி, ஒவ்வொரு `SUMIFS`-க்குள்ளும் `Results!I:I,1` என்ற நிபந்தனையைச் சேர்த்தால் குறும்பட்டியல் தானாக வரும். ஓர் அணி பிரிந்ததும் அதன் பெயரை A-யிலிருந்து அழியுங்கள், மிச்சமுள்ளோருக்கு மறுபடி கணக்கிடும். அழிப்பது கையால்தான். அதை முழுக்கத் தானியங்கியாக்க முயல்வது ஐந்து அணி லீக்குக்கு வீண் வேலை என்பது என் எண்ணம். அழிக்கும்போது ஒருமுறை யோசிப்பதே நல்லது.

இரண்டிரண்டு பேராக ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் குறுக்கு வழியை நினைக்கவே வேண்டாம். நோர்வூட் மஸ்கெலியாவை வென்றது, மஸ்கெலியா பொகவந்தலாவையை வென்றது, பொகவந்தலாவை நோர்வூட்டை வென்றது. இதற்கு வரிசையே கிடையாது. எந்த இருவரை முதலில் ஒப்பிட்டீர்களோ அதற்கேற்ப விடை மாறும். வரிசைப்படுத்தும் ஒவ்வொரு தரமும் பட்டியல் வேறு மாதிரி வந்தால் இதுதான் காரணம்.

நீங்கள் கட்டிய ஷீட் சரியா என்று பார்க்க ஒரு நல்ல சோதனைத் தரவு இருக்கிறது: 2004 ஐரோப்பியக் கிண்ணத்தின் C குழு. இத்தாலி–டென்மார்க் 0-0, இத்தாலி–சுவீடன் 1-1, சுவீடன்–டென்மார்க் 2-2. பல்கேரியாவை சுவீடன் 5-0, டென்மார்க் 2-0, இத்தாலி 2-1 என்று வென்றன. மூவருக்கும் 5 புள்ளி. குறும்பட்டியலில் மூவருக்கும் 2 புள்ளி, வித்தியாசம் 0, அடித்த கோல் மட்டும் சுவீடன் 3, டென்மார்க் 2, இத்தாலி 1. இத்தாலி தோற்காமலே வீட்டுக்குப் போனது. உங்கள் `Mini`-யில் சுவீடனுக்கு 8 கோல் காட்டினால் பல்கேரியாவின் போட்டி உள்ளே புகுந்திருக்கிறது, I நிரலின் குறியைப் பாருங்கள்.

எல்லாம் பார்த்தும் பிரியவில்லை

2018 உலகக் கிண்ணத்தில் ஜப்பானும் செனகலும் 4 புள்ளி, வித்தியாசம் 0, 4 கோல், தங்களுக்குள் 2-2. கடைசியில் அட்டைகளைப் பார்த்தார்கள். ஜப்பானுக்கு 4 மஞ்சள், செனகலுக்கு 6. ஜப்பான் அடுத்த சுற்றுக்குப் போனது. அந்த விதியில் ஒரு மஞ்சளுக்கு 1, இரண்டாவது மஞ்சளால் வந்த சிவப்புக்கு 3, நேரடிச் சிவப்புக்கு 4, மஞ்சளுக்குப் பின் நேரடிச் சிவப்புக்கு 5 என்று கழிப்பார்கள்.

உங்கள் லீக்கிலும் இதை வைக்கலாம், ஆனால் மத்தியஸ்தர்கள் எல்லாப் போட்டியிலும் அட்டையை எழுதி வைத்திருந்தால் மட்டும். இரண்டு போட்டிகளின் அட்டைத் தாள் இல்லாமல் இந்த விதியைப் பயன்படுத்தினால் அது புது வழக்கைத்தான் கொண்டுவரும். அப்படியானால் சீட்டுப் போடுங்கள், அல்லது நேரமிருந்தால் ஒரு மேலதிகப் போட்டி.

அணி ஒன்று வராமல் போனது, பட்டியல் தலைகீழாகிவிட்டது

ஒரு போட்டிக்கு மட்டும் வராவிட்டால் வோக் ஓவர். பீஃபாவின் ஒழுக்காற்று விதியில் அதற்கு 3-0. உங்கள் விதித் தாளும் அப்படிச் சொன்னால் 3, 0 என்று அடித்துவிடுங்கள், மற்றதை ஷீட் பார்த்துக்கொள்ளும். புள்ளி மட்டும் உண்டு, கோல் இல்லை என்று இருந்தால் கோல் கட்டத்தில் கைவைக்காமல் G, H நிரல்களில் 3-ஐயும் 0-ஐயும் நேரடியாக எழுதுங்கள். F 0-ஆகவே நிற்பதால், ஆடியது, வெற்றி, தோல்வி நிரல்களில் அந்தப் போட்டியைக் கையால் சேர்க்க வேண்டிவரும்.

அணி லீக்கிலிருந்தே விலகினால் கதை வேறு. பல சுற்றுப்போட்டிகளில் அதன் எல்லா முடிவுகளையும் ரத்துச் செய்வார்கள். டிக்கோயா விலகியதாக வைத்துப் பார்ப்போம். நோர்வூட்டும் மஸ்கெலியாவும் டிக்கோயாவோடு சமநிலைதான் கண்டவர்கள், ஒரு புள்ளி போய் 6-க்கு இறங்குகிறார்கள். பொகவந்தலாவை வென்ற அணி, மூன்று புள்ளியும் போய் 4. முதல் இடத்துக்குப் போட்டி போட்ட அணி எந்த விதியிலும் மூன்றாவதுதான். கொட்டகலைக்கு 1. கணக்கு சரியே. பொகவந்தலாவைக்காரர்கள் கேட்டு வரும்போது காட்டுவதற்கு, ரத்தான நான்கு போட்டிகளையும் பக்கத்தில் வைத்திருங்கள்.

அதற்காகத்தான் நிரையை அழிக்க வேண்டாம் என்பது. J நிரலில் 'ரத்து' என்று எழுதி, F-இன் காவலை இப்படி மாற்றிவிடுங்கள்:

```
=IF(AND(COUNT(C2:D2)=2,J2=""),1,0)
```

முடிவு இருக்கும், கணக்கில் வராது. மேன்முறையீட்டில் அணி திரும்பி வந்தால் J-யை அழித்தால் போதும். மத்தியஸ்தர் பாதியில் நிறுத்தி மறுநாள் முழுதாக ஆடிய போட்டிக்கும் இதே வழி: பழைய நிரைக்கு 'ரத்து', புதிய முடிவுக்குப் புதிய நிரை.